ஏணியில் பறக்கும் பையன்கள் ஆட்டத்தில் திரும்பச் சிரமப்படுகிறார்கள்: எங்கே பிழை?

மாலைமைதானம் (திங்கள், இரவு 8.40)

திருகோணமலையில் 12, 13 வயதுப் பையன்கள் பதினாறு பேருக்கு வாரத்தில் இரண்டு மாலை உதைபந்தாட்டம் பழக்குகிறேன். சம்பளமில்லாத வேலை, பகலில் வேறு தொழில். ஆறு வாரங்களுக்கு முன் பயிற்சி ஏணி ஒன்றும் இருபது கோன்களும் வாங்கினேன். ஏணி என்றால் மரத்தில் சாத்துவது அல்ல. நைலோன் நாடாவில் பிளாஸ்டிக் தட்டுகளைக் குறுக்கே கோர்த்துத் தரையில் விரிப்பது. ஒவ்வொரு பயிற்சியிலும் இருபது நிமிடம் அதற்கே கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு இரண்டு அடி, உள்ளே உள்ளே வெளியே வெளியே, பக்கவாட்டு என்று எல்லாம் செய்கிறார்கள். தட்டு அசையாமல் ஓடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது.

சனிக்கிழமை ஒரு சிநேகபூர்வ ஆட்டம். ஏணியில் எல்லோரையும் விட வேகமான பையனைத்தான் வலது பின்களத்தில் விட்டேன். எதிரணிச் சிறுவன் பந்தை உள்ளே வெட்டினான். எங்கள் ஆள் நின்று திரும்புவதற்குள் இன்னும் நான்கு அடி ஓடி, பெரிய வளைவு போட்டு, வீதியில் பஸ் திருப்புவது போலத் திரும்பி வந்தான். அதற்குள் கோல். ஒரு முறை என்றால் விட்டுவிடலாம். மூன்று முறை.

ஏணியைத் தவறாகப் பயன்படுத்துகிறேனா? கோன்களை எப்படி வைக்க வேண்டும்?

சல்லிக்காரன் (திங்கள், இரவு 9.15)

தம்பி, ஆறு வாரம் எதற்குக் காணும்? நான் பதினைந்து வருடம் விங்கில் ஆடியவன். காலடி எவ்வளவு விரைவாக விழுகிறதோ அவ்வளவு விரைவாகத் திரும்பலாம். கட்டத்தைச் சிறிதாக்குங்கள், விசிலை வேகப்படுத்துங்கள். கால் பழகினால் உடம்பு தானாக வரும்.

துடுப்புக்கட்டை (திங்கள், இரவு 9.52)

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூச்சு இல்லை, அதுதான் விஷயம். இரண்டாம் பாதியில் களைத்தவன் எப்படித் திரும்புவான்? காலை ஐந்தரைக்கு டச்சுக் குடாக் கடற்கரையில் மணலில் பத்துச் சுற்று ஓட விடுங்கள். நாங்கள் அப்படித்தான் ஓடினோம். ஏணியும் கோனும் இல்லாமலேயே ஆடினோம்.

மாலைமைதானம் (திங்கள், இரவு 10.05)

ஐயா, முதல் கோல் ஏழாவது நிமிடத்தில் விழுந்தது. களைப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

நிலாவெளி ரீச்சர் (செவ்வாய், காலை 6.20)

பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். ஏணி, கோன் இரண்டையும் கொஞ்சக் காலம் தவறாகப் பயன்படுத்திப் பிறகு திருந்தியவள். பதில் சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், தம்பி.

மைதானத்தில் புல் இல்லாத ஒரு துண்டு நிலத்தில் சிறிது தண்ணீர் தெளித்து, ஈக்கில் கட்டாலோ இலைவாரியாலோ மண்ணைச் சமப்படுத்துங்கள். நீளம் பத்து மீற்றர் இருந்தால் போதும். முடிவில் ஒரு கோடு. பையன் முழு வேகத்தில் ஓடி வந்து, கோட்டை மிதித்து, வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். ஒரு பையன் ஓடியதும் அடுத்தவனை விடாதீர்கள். குந்தியிருந்து காலடித் தடங்களைப் பாருங்கள். கோட்டுக்கு முந்திய நான்கு தடங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையும் ஒரு முறை கேளுங்கள். பிறகு பேசுவோம்.

மாலைமைதானம் (புதன், இரவு 9.30)

ரீச்சர், செய்தேன். கச்சான் காற்றில் மண் காய்ந்து கிடக்கிறது; மூன்று வாளித் தண்ணீர் போனது. வேலி ஓரமாகப் புள்ளிமான்கள் வேறு வந்து நின்று வேடிக்கை பார்த்தன. ஒன்று வாரி வைத்த மண்ணிலேயே நடந்து போனதால் ஒரு பையனுக்கு மறுபடியும் வார வேண்டியதாயிற்று.

ஏணியில் முதலாவதாக வரும் பையனின் தடங்கள் (இங்கே அவனைக் 'கெட்டி' என்று வைத்துக்கொள்வோம்) கோடு வரை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருந்தன. கடைசித் தடம் மட்டும் தடமாக இல்லை. குதிகாலில் தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு மண்ணைக் கிழித்த கோடு. அதற்கும் அப்பால், கோட்டைத் தாண்டி இன்னும் இரண்டு தடம். சத்தம்: 'தட்' என்று ஒன்று, பிறகு செருக்கென்று சறுக்கல்.

இன்னொரு பையன், ஏணியில் எப்போதும் தட்டில் கால் தட்டுப்பட்டுத் திட்டு வாங்குபவன். அவனை 'மெல்லன்' என்போம். அவனுடைய கடைசி மூன்று தடங்களும் படிப்படியாக நெருங்கியிருந்தன. கடைசிக்கு முந்தியது ஆழமாகப் பதிந்திருந்தது. சத்தம் 'டப் டப் டப்'. கோட்டைத் தாண்டவே இல்லை.

பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. ஆறு வாரமும் மெல்லனைத்தான் திட்டியிருக்கிறேன்.

நிலாவெளி ரீச்சர் (வியாழன், காலை 6.10)

உங்கள் கேள்விக்கு மண்ணே பதில் எழுதிவிட்டது. திரும்புதல் காலின் விரைவில் தொடங்குவதில்லை, நிறுத்துவதில் தொடங்குகிறது. முழு வேகத்தில் வரும் உடம்பை வேறு பக்கம் அனுப்ப வேண்டுமானால் முதலில் வந்த வேகத்தைக் கொல்ல வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதியைக் கடைசிக்கு முந்திய அடியும் அதற்கு முந்தியதும் செய்ய வேண்டும். இடுப்பு தாழ வேண்டும், அடி குறுக வேண்டும். அப்போதுதான் கடைசிக் கால் தள்ளுவதற்கு மிஞ்சும். கெட்டி எல்லாப் பிரேக்கையும் கடைசிக் காலில் போடுகிறான். அந்தக் கால் நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாமல் சறுக்குகிறது. இன்றைக்குச் சறுக்குகிறது. வளர்ந்து எடை கூடி, நல்ல பிடியுள்ள சப்பாத்தோடு புல்லில் அதையே செய்தால் கால் சறுக்காது, முழங்கால்தான் உள்ளே மடியும். அதுதான் எனக்குப் பயம்.

இனி ஏணியைப் பாருங்கள். அதில் வேகம் குறைவு, நிறுத்த எதுவும் இல்லை, உடம்பு நிமிர்ந்தபடியே இருக்கிறது, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுகிறது. திரும்பும்போது பாதம் இடுப்புக்கு வெளியே, தோளையும் தாண்டி ஊன்ற வேண்டும். போதாததற்குக் கண் தட்டில் இருக்கிறது. ஆறு வாரமாக அவர்கள் பழகியது ஏணியைத்தான்.

சல்லிக்காரன் (வியாழன், காலை 7.02)

ரீச்சர் சொன்னால் ஏணியைச் சுருட்டிக் கிணற்றில் போட வேண்டியதுதானா?

நிலாவெளி ரீச்சர் (வியாழன், பிற்பகல் 2.45)

வேண்டாம் அண்ணா, காசு கொடுத்து வாங்கியது. உடம்பு சூடாக்கவும் தாளம் பிடிக்கவும் நல்லது. பத்து வயதுக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் போதும். ஏணியின் முடிவில் பயிற்றுநர் நின்று, பிள்ளை கடைசிக் கட்டத்துக்கு வரும்போது ஒரு கையைத் தூக்க வேண்டும். தூக்கிய பக்கம் ஐந்து மீற்றர் பாய வேண்டும். அப்போது கண் தானாக மேலே வரும். அடிகள் கொஞ்சம் குழம்பும், குழம்பட்டும்.

தம்பி, மிச்சப் பதினைந்து நிமிடத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் திருப்பமே இல்லை, நிறுத்தம் மட்டும். கோன்களால் இரண்டு மீற்றர் அகலத்தில் ஒரு பட்டை அமையுங்கள். ஐந்து மீற்றர் ஓடி வந்து அந்தப் பட்டைக்குள் நிற்க வேண்டும். முதலில் முக்கால் வேகம், பிறகு முழு வேகம். அதற்குப் பிறகே ஓட்டத்தைப் பத்து மீற்றராக்குங்கள். நின்ற பின் இரண்டு செக்கன் அசையாமல் இருக்க வேண்டும். மூக்கு முன்னால் கவிழ்ந்தால், அல்லது ஒரே 'தட்' சத்தம் கேட்டால், அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. பிள்ளைகளே ஒருவர் மற்றவரின் சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், நீங்கள் கத்த வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் திருப்பம். இங்கேதான் கோன் வைப்பதில் எல்லோரும் பிழை விடுகிறோம். ஒற்றைக் கோனை வைத்துச் 'சுற்றி வா' என்றால் பிள்ளை வளைவாகத்தான் சுற்றும், நீங்கள் சொன்ன பஸ் மாதிரி. நாங்களே பஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம். அதற்குப் பதில், கால் ஊன்றும் இடத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் இரண்டு கோன்களை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் வாசலாக வையுங்கள். கோட்டில் வெளிக்காலை ஊன்றி, வாசலுக்குள்ளால் போக வேண்டும். முதலில் வாசலைச் சிறிது சரிவாக, 45 பாகைக்கு வையுங்கள். அதற்கு அதிகம் பிரேக் தேவையில்லை, வேகத்தோடு வெட்டப் பழகுவார்கள். பிறகு 90. முழுத் திருப்பம் கடைசியில். அதுதான் பிரேக்கை அதிகம் கேட்பது.

முழுத் திருப்பத்துக்கு ஒரு தந்திரம். இரண்டு முனையிலும் திரும்பும்போது முகம் கடல் பக்கமே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படியானால் ஒரு முனையில் வலது கால் ஊன்றும், மறு முனையில் இடது கால். சொல்லாவிட்டால் வலக்காலன் வலக்காலிலேயே வருடக்கணக்கில் திரும்பிக்கொண்டிருப்பான்.

ஒரு பிள்ளைக்கு ஒரு மாலையில் பன்னிரண்டு கடும் திருப்பம், கூடினால் பதினாறு. ஒவ்வொன்றும் நான்கைந்து செக்கன் வேலை; இடையில் அரை நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு. நீண்ட வரிசை வேண்டாம், நான்கு பேர் வீதம் நான்கு வரிசை வையுங்கள். முழங்கால் உள்ளே சாயத் தொடங்கினால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அதோடு போதும்.

துடுப்புக்கட்டை (வியாழன், மாலை 5.30)

அப்படியானால் மணலில் செய்தால் முழங்காலுக்கும் நல்லதுதானே? நான் சொன்னது சரிதான்.

நிலாவெளி ரீச்சர் (வியாழன், இரவு 8.00)

பாதி சரி ஐயா. மணலில் அடி மெத்தென்று விழும், காலுக்கு வலுவும் வரும். ஆனால் ஊன்றிய கால் புதைந்து நகர்வதால், தரையைத் தள்ளி உடனே வெளியேறும் பழக்கம் வராது. வாரத்தில் ஒரு நாள் விளையாட்டாகச் செய்யலாம். திருப்பம் பழக்குவது ஆடும் தரையில்தான்.

உட்துறைமுகம் (வியாழன், இரவு 10.18)

நான் இயன்மருத்துவர். ரீச்சர் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை, ஒரு குறை மட்டும் உண்டு. கோடும் வாசலும் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு ஓடும் முன்பே தெரியும். ஆட்டத்தில் அது தெரியாது. ஷெப்பர்ட், யங் என்ற விளையாட்டு ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையில் ஒரு தூண்டலுக்குப் பதிலாக உடம்பின் வேகத்தையோ திசையையோ விரைவாக மாற்றுவதையே சுறுசுறுப்பு என்று வரையறுத்தார்கள். மாலைமைதானத்தின் பின்கள வீரன் எதிராளியின் இடுப்பைப் பார்த்தானா, பந்தைப் பார்த்தானா? பந்தைப் பார்த்திருந்தால், எவ்வளவு நன்றாகப் பிரேக் போட்டாலும் பிந்தித்தான் திரும்புவான். நான் என்றால் முதல் நாளிலிருந்தே ஒருவருக்கு ஒருவர் விளையாட்டு வைப்பேன்: நடுவில் தாக்குபவன், ஆறு மீற்றர் எதிரே தடுப்பவன், தடுப்பவனுக்குப் பின்னால் இடமும் வலமும் ஒவ்வொரு வாசல். தாக்குபவன் எந்த வாசலாலும் போகலாம்.

நிலாவெளி ரீச்சர் (வெள்ளி, காலை 6.15)

விளையாட்டு வேண்டும் என்பதை ஏற்கிறேன். முதல் நாளிலிருந்தே என்பதை ஏற்கவில்லை. நிறுத்தத் தெரியாத பிள்ளையை எதிர்பாராத பக்கம் திரும்பச் சொன்னால் இன்னும் மோசமாகத்தான் ஊன்றும். உங்களிடம் முழங்காலோடு வருபவர்களே அதற்குச் சாட்சி.

உட்துறைமுகம் (வெள்ளி, காலை 7.40)

பிள்ளைகள் முற்றத்தில் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்களே, அதற்கு யார் முதலில் நிறுத்தம் பழக்கினார்கள்? ஆனாலும் பத்து மீற்றர் முழு வேகத்தில் வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடத்தைக் குறுக்கினால் வேகமும் குறையும்.

பள்ளத்தோட்டம் அம்மா (வெள்ளி, காலை 10.05)

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குப் பதினொரு வயது. பாடசாலையில் உதைபந்தாட்டம் ஆடுகிறாள். இரண்டு மாதமாகக் குதிகால் நோகிறது என்று பயிற்சி முடிந்து நொண்டிக்கொண்டு வருகிறாள். இந்த வருடம் பாவாடை எல்லாம் கட்டையாகிவிட்டது, அவ்வளவு வளர்ந்துவிட்டாள். கோன் சுற்றி ஓடுவதாலா? நிறுத்திவிடவா?

உட்துறைமுகம் (வெள்ளி, பிற்பகல் 1.20)

அக்கா, பார்க்காமல் சொல்வது சரியல்ல, ஒரு முறை காட்டுங்கள். வேகமாக வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைப் பின்கால் தசைநார் இழுப்பதால் இப்படி வலி வருவது வழக்கம். குதிகாலின் இரு பக்கத்தையும் விரல்களால் அழுத்தினால் நோகும். பெரும்பாலும் தானாக ஆறும், ஆனால் ஓட்டத்தையும் குதிப்பையும் குறைக்க வேண்டும். இந்த மாதத்துக் காய்ந்த தரையில், தட்டையான மெல்லிய சப்பாத்தோடு நிறுத்தப் பயிற்சி செய்வது அதற்கு நல்லதல்ல. நொண்டும் நாளில் பயிற்சி வேண்டாம். வீக்கம் இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

நிலாவெளி ரீச்சர் (வெள்ளி, மாலை 4.00)

இதை மாலைமைதானமும் கவனிக்க வேண்டும். உங்கள் பதினாறு பேரில் திடீரென்று உயர்ந்தவர்கள் யார்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுவரில் உயரம் குறித்து வையுங்கள். சட்டென்று உயர்ந்த பையன் போன தவணை செய்ததை இந்தத் தவணை செய்ய மாட்டான். காலின் நீளம் அவனுக்கே இன்னும் பழகவில்லை. அவனுக்குத் திருப்பங்களைப் பாதியாக்குங்கள், சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

மாலைமைதானம் (ஏழு வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8.15)

இழையை மறக்கவில்லை. ரீச்சர் சொன்ன ஒழுங்கில் செய்தேன்: இரண்டு வாரம் நிறுத்தம், பிறகு வாசல். நான்காம் வாரத்திலிருந்து கடைசி ஆறு நிமிடம் உட்துறைமுகம் சொன்ன ஒருவருக்கு ஒருவர்.

தொடக்கத்திலும் இப்போதும் நேரம் எடுத்தேன். பத்து மீற்றர் நேர் ஓட்டம் ஒன்று. மற்றது 505 சோதனை: பத்து மீற்றர் ஓடி வந்து, அங்கிருந்து ஐந்து மீற்றர் அப்பால் உள்ள கோட்டில் திரும்பி, அதே ஐந்து மீற்றரைத் திரும்ப ஓடுவது, அந்தக் கடைசிப் பத்து மீற்றருக்கு மட்டும் நேரம். விசிலும் கையும் நம்பத்தக்கவை அல்ல என்று இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. ஒரே ஓட்டத்துக்கு நானும் தம்பியும் எடுத்த நேரங்களுக்கு இடையில் 0.2 செக்கன் வித்தியாசம். அதனால் அளவுக் கோட்டுக்கு நேரே கைபேசியை ஒரு கல்லில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்து, அதில் உள்ள தனித்தனிப் படங்களை எண்ணிக் கணக்கிட்டேன்.

கெட்டி முன்பு நேர் ஓட்டம் 1.98, 505 இல் 2.91. மெல்லன் நேர் ஓட்டம் 2.14, 505 இல் 2.78. நேரே ஓடினால் பின்தங்குபவன் திரும்பினால் முந்துகிறான். திருப்பத்துக்காக ஒருவன் இழப்பது 0.93, மற்றவன் 0.64.

இப்போது கெட்டி 1.97, 2.74. இழப்பு 0.77. அவனுடைய தடங்களைப் பார்த்தேன், கடைசி இரண்டும் நெருங்கியிருக்கின்றன. மண் கிழிவது நின்றுவிட்டது. இடது காலில் திரும்பும்போது மட்டும் இன்னும் 'தட்' கேட்கிறது. மெல்லனில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், 2.13, 2.76.

மூன்று பையன்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. அதில் இருவர் நன்றாக உயர்ந்தவர்கள். மூன்றாமவனின் சப்பாத்தின் அடி கண்ணாடி போல் தேய்ந்திருப்பதை ஐந்தாம் வாரத்தில்தான் கண்டேன். சறுக்கும் என்று பயந்து அவன் முழுதாக ஊன்றுவதே இல்லை. அவனுக்கு நான் சொன்ன திருத்தம் எல்லாம் வீண். முதலில் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

உட்துறைமுகம் (ஞாயிறு, இரவு 9.30)

நல்ல வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தக் கழித்தல் கணக்கை வைத்துப் பையன்களை வரிசைப்படுத்தாதீர்கள். வேகமாக வருபவனுக்குக் கொல்ல வேண்டிய வேகமும் அதிகம். ஆகவே வேகமான பிள்ளைக்கு இழப்பு கொஞ்சம் கூடித்தான் இருக்கும், அது பிழை அல்ல. ஒரே பிள்ளையை அவனோடேயே ஒப்பிடுவதுதான் சரி. மெல்லனின் 0.02 மாற்றத்தை உங்கள் கைபேசியால் பிரித்தறியவும் முடியாது.

நிலாவெளி ரீச்சர் (ஞாயிறு, இரவு 9.50)

மெல்லனுக்கு இனித் திருப்பம் பழக்கி லாபமில்லை என்று நினைக்கிறேன். அவனுக்கு வேண்டியது நேர் ஓட்டத்தில் முதல் ஐந்து மீற்றர். எல்லோருக்கும் ஒரே கோன் வரிசை என்று வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

சல்லிக்காரன் (ஞாயிறு, இரவு 10.40)

எல்லாம் சரி. ஏழு வாரமாக ஒருவரும் பந்தைத் தொடவில்லையே? நான் விங்கில் ஆடியபோது ஒரு நாளும் வெறுங்காலோடு திரும்பியதில்லை, பந்தோடுதான் திரும்பினேன். பந்து இருந்தால் கடைசி அடிகளைப் பந்துதான் தீர்மானிக்கும். அது எங்கே உருள்கிறதோ அங்கேதான் கால் ஊன்ற முடியும். உங்கள் தடம் எல்லாம் அப்போது மாறும். இதற்கு ரீச்சரிடம் பதில் உண்டா?

நிலாவெளி ரீச்சர் (திங்கள், காலை 6.05)

முழுப் பதில் இல்லை அண்ணா. பின்கள வீரன் பெரும்பாலும் பந்தில்லாமல்தான் திரும்புகிறான், அவனுக்கு இது நேரடியாக உதவும். உங்களைப் போன்ற விங்குக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குள்ளேயே தெளிவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வாசல் பயிற்சியில் பாதியைப் பந்தோடு வைக்கிறேன். வேகம் குறைகிறது, திருப்பம் அழகாகிறது. ஆட்டத்தில் அது கைகொடுக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாலைமைதானம் (திங்கள், இரவு 8.55)

நாளை மாலை மண்ணை வாரி, பந்தோடும் பந்தில்லாமலும் அதே கோட்டில் ஓட விட்டு இரண்டு தடங்களையும் அளந்து போடுகிறேன். சல்லி அண்ணா நேரமிருந்தால் சப்பாத்தோடு வாருங்கள், உங்கள் தடத்தையும் அளப்போம்.

சல்லிக்காரன் (திங்கள், இரவு 9.03)

வருகிறேன். நாற்பத்தெட்டு வயதுத் தடம், அளவு நாடா நீளமாகக் கொண்டுவாருங்கள்.